கத்துற சூப்பர்வைசர்கிட்ட நான் வாய் திறந்த கதை

பாரிமுனைல ஒரு கம்பெனில கேஷ் செக்‌ஷன் கிளார்க் நான், ஊமைன்னே பட்டப்பேரு. எங்க சூப்பர்வைசருக்கு எதுக்கெடுத்தாலும் "சொன்னதை செய்யி"தான்.

போன மாசம் பெயின்டருக்கு 24,000 ரூபா கேஷா குடுத்துட்டு, 8,000 வீதம் மூணு வவுச்சரா பிரிச்சு பழைய தேதி போடுன்னாரு. ஏன்னா ஒரே ஆளுக்கு ஒரே நாள்ல 10,000க்கு மேல கேஷா குடுத்தா வருமான வரில அதை செலவா கழிக்க விடமாட்டாங்க. ஆனா அந்த தேதிக்கெல்லாம் நோட்டு எண்ணி கேஷ் புக் குளோஸ் பண்ணி நான் கையெழுத்தும் போட்டாச்சு, நடுவுல ஒண்ணை சொருகினா பேலன்ஸ் இடிக்கும், வவுச்சர் நம்பரும் தேதியும் முன்னப்பின்ன போகும், ஆடிட்டர் வந்தா மாட்டுறது யாரு, நான்தான்.

சண்டை போட நமக்கு வராது. கேஷ் புக்கை அவர் டேபிள்ல விரிச்சு வெச்சு, "சார், அன்னிக்கு கையிருப்பே 5,200தான், இதுல 8,000 எப்படி சார் குடுத்திருப்பேன்? குடுத்த தேதிலயே ஒரே வவுச்சரா போடுறேன், பிரிச்சுதான் போடணும்னா மெயில்ல எழுதி குடுங்க"ன்னேன். குரல் நடுங்குச்சு, நடுங்கட்டும். "எனக்கே சட்டம் சொல்றியா"ன்னு எகிறினாரு, நான் பதிலுக்கு வாதாடல, மெயிலை மட்டும் திரும்ப கேட்டேன்.

மெயில் வரல. சாயங்காலம் 24,000க்கு ஒரே வவுச்சர், அவரே கையெழுத்து போட்டாரு. கத்துறது நிக்கல, அது வேற விஷயம். தேதி மாத்த மட்டும் இப்ப என்கிட்ட வர்றதில்ல.