டியூஷன் ஆசிரியருக்கு நன்றி எழுதும்போது தவிர்க்க வேண்டியவை

பாளையங்கோட்டையில் என் வீட்டு மாடியில் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தருகிறேன். பதினோராம் வகுப்பில் சேருகிறவர்கள் இரண்டு ஆண்டுகள் வந்துவிட்டு, மார்ச் மாதம் பிளஸ் டூ தேர்வோடு விடைபெறுவார்கள். அதன்பிறகு என் கைப்பேசிக்கு நன்றிச் செய்திகள் வரத் தொடங்கும். மாணவனாக இருந்தபோது நான் செய்த பிழைகளையே இவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். எழுத்துப்பிழை, நள்ளிரவில் அனுப்புவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை எந்த ஆசிரியரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

யார் என்று சொல்லாதது

செய்தி அப்பாவின் எண்ணிலிருந்து வரும். படத்தில் திருச்செந்தூர் கோபுரம் இருக்கும். கடைசியில் "என்றும் உங்கள் அன்பு மாணவி" என்று மட்டும் முடிந்திருக்கும். காலையில் ஒரு பிரிவு, மாலையில் இரண்டு பிரிவு நடத்துகிறவனுக்கு அந்த அன்பு மாணவி யார் என்று எப்படித் தெரியும்? பெயர், எந்த நேரத்துப் பிரிவு, எந்த ஆண்டு ஆகிய மூன்றும் முதல் வரியிலேயே இருக்கட்டும். ஒருமுறை நான் ஆளை மாற்றி நினைத்துக்கொண்டு, "வெக்டர் கணக்கில் இனித் தடுமாற மாட்டாய்" என்று பதில் எழுதிவிட்டேன். அந்தப் பெண் வெக்டரில் தடுமாறியதே இல்லையாம்.

ரோஜாப்பூ படம்

வேண்டாம். ஒரே நாளில் ஒரே ரோஜா ஏழு பேரிடமிருந்து வந்திருக்கிறது.

தேர்வு முடிவு வரட்டும் என்று காத்திருப்பது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

எதிர்வீட்டுப் பையன் தன் வேதியியல் டியூஷன் ஆசிரியருக்கு எழுதிய செய்தியைக் கொண்டுவந்து காட்டினான். தேர்வு முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அதில் இப்படி இருந்தது: "மதிப்பிற்குரிய ஐயா, வேதியியலில் நான் ........ மதிப்பெண் பெறக் காரணமாக இருந்த தங்களுக்கு என் மனமார்ந்த நன்றி." மதிப்பெண்ணுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறான்! மே மாதம் முடிவு வந்ததும் எண்ணை நிரப்பி அனுப்பிவிடுவானாம். "குறைவாக வந்தால்?" என்று கேட்டேன். "அப்போது எப்படி அண்ணா அனுப்புவது, வெட்கமாக இருக்காதா?" என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. அவன்மேல் பாதி, 1996-இல் இருந்த என்மேல் மீதி.

அப்போது ஒரு பாடத்துக்கு 200 மதிப்பெண். கணக்கில் 190-க்குக் குறையாது என்று என் டியூஷன் ஆசிரியரும் நம்பினார், நானும் நம்பினேன். 151 வந்தது. இனிப்புப் பெட்டியோடு போய் நிற்க வேண்டும் என்று நினைத்திருந்தவன், அவர் தெருவையே சுற்றிக்கொண்டு போகத் தொடங்கினேன். பஸ் நிறுத்தத்தில் அவருடைய சைக்கிளைக் கண்டால் கடைக்குள் நுழைந்துவிடுவேன். மூன்று ஆண்டுகள் இப்படியே போயின.

கடைசியில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் அவரே உட்கார்ந்தார். தப்பிக்க வழி இல்லை. ரசம் வரும்வரை இருவரும் பேசவில்லை. பிறகு அவர் மெதுவாகக் கேட்டார்: "உன்னை அடிக்கடி எழுப்பிக் கரும்பலகையில் கணக்குப் போடவைத்தேனே, அதனால்தான் தேர்வில் பயந்துவிட்டாயா?" எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்படி எழுந்து நின்று போட்ட கணக்குகள்தான் எனக்கு ஒழுங்காக வந்தவை. நான் கோட்டைவிட்டது நேரத்தை. முதலில் வந்த ஒரு தொகையீட்டுக் கணக்கிலேயே முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் அவரோ, நான் முகம் காட்டாததை வைத்துத் தன்மேல்தான் பிழை என்று முடிவுகட்டி, அதற்குப்பின் வந்த பிள்ளைகளைப் பலகைக்கு அழைப்பதையே குறைத்துக்கொண்டுவிட்டார்.

ஆசிரியருக்கு எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று சொல்ல மாணவனைத் தவிர ஆள் இல்லை. மதிப்பெண் பட்டியல் அதைச் சொல்லாது. நன்றாக எழுதியவர்கள் மட்டும் மே மாதத்தில் செய்தி அனுப்பினால், அவருக்குக் கிடைப்பது பாதிச் சேதிதான். அந்த நேரத்தில் அடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பும் தொடங்கியிருக்கும். செய்தியைப் படித்துவிட்டு நாங்கள் அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். ஆகவே அந்தப் பாடத்தின் தேர்வு முடிந்த மறுநாளே அனுப்பிவிடுங்கள். தேர்வு மோசமாகப் போயிருந்தால் இரண்டு நாள் ஆறப்போட்டு அனுப்புங்கள், முடிவு வரும்வரை அல்ல.

பையனிடம் திரும்புகிறேன். மதிப்பெண்ணுக்கு விட்ட இடத்தை அடித்துவிடச் சொன்னேன். அடித்ததும் செய்தியில் ஒன்றுமே மிஞ்சவில்லை. "இரண்டு ஆண்டில் அவர் உன்னிடம் எதை மாற்றினார்?" என்று கேட்டேன். "நன்றாகச் சொல்லித்தந்தார்" என்றான். நோட்டை எடுத்துவரச் சொன்னேன். முதல் நோட்டில் சமன்பாடுகள் பாதி சமன் செய்யாமலே கிடந்தன. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் சுழித்திருந்தார். கடைசி நோட்டில் அந்தச் சுழி இல்லை. பின்னட்டையில் எத்தனாலில் தொடங்கி எத்தனால், எத்தனாயிக் அமிலம் என்று அம்புக்குறி போட்டுக் கரிம வினைகளை ஒரே தாளில் வரைந்து ஒட்டியிருந்தான். முந்தைய எத்தனால் ஆல்கஹால், பிந்தையது ஆல்டிஹைடு. தமிழில் இரண்டும் ஒரே மாதிரி விழுந்து குழப்பும் என்று ஆசிரியர் இரண்டாவதற்குக் கீழே கோடு போட்டிருந்தார். பிறகு அவனே எழுதினான்:

"சார், வணக்கம். மாலை ஆறரை மணிப் பிரிவில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த பாலா எழுதுகிறேன். சமன் செய்யாத சமன்பாட்டை நீங்கள் திருத்தாமலே திருப்பித் தருவீர்கள். அப்போது எரிச்சலாக இருந்தது. தேர்வில் ஒவ்வொன்றையும் சரிபார்த்த பிறகுதான் அடுத்த வரிக்குப் போனேன். கரிம வேதியியலுக்கு நீங்கள் வரையச் சொன்ன ஒற்றைத் தாளைத்தான் காலையில் பார்த்துவிட்டுப் போனேன். மின்வேதியியல் கணக்கு ஒன்று வரவில்லை, அதை விட்டுவிட்டேன். இரண்டு ஆண்டுகளுக்கும் நன்றி சார்."

வராத கணக்கையும் சொல்லியிருக்கிறான் பாருங்கள். அந்த வரி இருப்பதால்தான் மற்ற வரிகளை அவர் நம்புவார்.

பள்ளி ஆசிரியரைத் தாழ்த்துவது

"பள்ளியில் ஒன்றும் நடத்தவில்லை, எல்லாம் உங்களால்தான்" என்று எழுதுகிறார்கள். சில டியூஷன் மையங்கள் இத்தகைய செய்தியைப் படம் பிடித்து ஜூன் மாத விளம்பரத்தில் போட்டுவிடும். சான்றிதழ் வாங்கப் பள்ளிக்குப் போகும்போது அது உங்களுக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

தம்பிக்குக் கட்டணச் சலுகை கேட்பது

வேறொரு நாளில் கேளுங்கள்.

பெற்றோர் எழுதிக்கொடுப்பது

"தங்களது தன்னலமற்ற சேவை" என்று படித்ததுமே அது அப்பா எழுதியது என்று தெரிந்துவிடும். மாதாமாதம் கட்டணம் வாங்குகிறவனுக்கு அதைப் படிக்கக் கூச்சமாகவும் இருக்கும். பெற்றோர் நன்றி சொல்ல விரும்பினால் தனியாக அழைத்துப் பேசட்டும்.

பதிலை எதிர்பார்ப்பது

பாலாவுக்கு வந்த பதில் ஒரு கும்பிடும் கையும், "மின்வேதியியலில் எந்தக் கணக்கு?" என்ற கேள்வியும். அவன் வினாத்தாளைப் படம் எடுத்து அனுப்பினான். அரை மணி நேரத்தில் அந்தக் கணக்கு முழுதாகப் போடப்பட்டு வந்தது.