காப்–டக்ளஸ் மதிப்பீடு: கூட்டுத்தொகை ஒன்றை ஒட்டி வந்தால் சந்தேகப்படுங்கள்

காப்–டக்ளஸ் உற்பத்திச் சார்பு Y = A·K^α·L^β. Y உற்பத்தி, K மூலதனம், L உழைப்பு. கூட்டுத்தொகை என்பது α, β என்ற இரண்டு அடுக்குகளின் கூட்டுத்தொகை. அது ஒன்று என்றால் மூலதனத்தையும் உழைப்பையும் இரட்டித்தால் உற்பத்தியும் சரியாக இரட்டிக்கும், அதுவே மாறா விகித அளவு விளைவு. ஒன்றைத் தாண்டினால் வளர்ந்துசெல் விளைவு, குறைந்தால் குறைந்துசெல் விளைவு.

மடக்கை எடுக்க மறப்பது, பணவீக்கத்தைக் கழிக்காமல் பல ஆண்டு ரூபாய்க் கணக்கைச் சேர்ப்பது போன்ற தவறுகளை யாராவது முதல் வாரத்திலேயே சுட்டிக்காட்டிவிடுவார்கள். இங்கே சொல்லப்போவது ஆய்வேடு பைண்டிங் ஆகும்வரை கண்ணில் படாத தவறுகளை. முக்கியமாக ஒன்றை.

கூட்டுத்தொகையைக் கண்ணால் பார்த்துத் தீர்ப்பு சொல்வது

காப், டக்ளஸ் இருவரும் 1928இல் எடுத்துக்கொண்டது அமெரிக்க ஆலைத் தொழிலின் 1899 முதல் 1922 வரையிலான தரவு. மொத்தம் 24 புள்ளிகள். இரண்டு அடுக்குகளும் கூட்டினால் ஒன்று என்று முதலிலேயே கட்டிப்போட்டுத்தான் உழைப்புக்கு 0.75, மூலதனத்துக்கு 0.25 என்றார்கள். அந்தக் கட்டை அவிழ்த்து அதே தரவை ஓட்டினால் உழைப்புக்கு 0.81, மூலதனத்துக்கு 0.23 வருகிறது. கூட்டினால் 1.04. உடனே ‘வளர்ந்துசெல் விகித அளவு விளைவு’ என்று எழுதிவிடக் கூடாது. உழைப்புக் குணகத்தின் திட்டப்பிழை மட்டுமே 0.145. அதாவது அது 0.5ஆகவும் இருக்கலாம், 1.1ஆகவும் இருக்கலாம்.

இரண்டு குணகங்களின் திட்டப்பிழைகளைத் தனித்தனியே பார்த்தும் கூட்டுத்தொகையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது, அவற்றுக்கிடையே உள்ள உடன்மாறுபாடும் வேண்டும். சுலபமான வழி, சமன்பாட்டையே மாற்றி எழுதுவது:

```
ln(Y/L) = a + α·ln(K/L) + (α+β−1)·ln L
```

இப்போது `ln L`இன் குணகமே நீங்கள் தேடும் எண். அதன் t மதிப்பைப் படித்தால் சோதனை முடிந்தது.

விற்பனைத் தொகையை உற்பத்தி அளவு என்று எடுத்துக்கொள்வது

விலையும் உள்ளே வந்துவிடும். பிறகு நீங்கள் அளப்பது ஆலையையா சந்தையையா என்று தெரியாது.

ஆலைக்காரருக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாது என்பதை மறப்பது

ஆய்வையே அதிகம் கெடுக்கும் தவறு இதுதான். மார்ஷாக்கும் ஆண்ட்ரூஸும் 1944இலேயே எடுத்துச் சொல்லிவிட்டார்கள். இன்றும் `lm(y ~ k + l)` என்று ஓட்டி, R² 0.95 வந்தது என்று பெருமையாக அட்டவணை போடுகிறார்கள்.

ஒரு நூற்பாலையை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆண்டு நல்ல பஞ்சு கிடைத்திருக்கிறது, மேற்பார்வையாளர் கெட்டிக்காரர், இயந்திரங்கள் நிற்காமல் ஓடுகின்றன. இது முதலாளிக்குத் தெரியும், அதனால் கூடுதலாக ஒரு ஷிப்டுக்கு ஆள் எடுக்கிறார். உங்கள் தரவில் பஞ்சின் தரமும் இல்லை, மேற்பார்வையாளரின் சாமர்த்தியமும் இல்லை. அவையெல்லாம் பிழை உறுப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்கின்றன. அந்தத் திறனை ω என்போம். உழைப்பு ω-வைப் பார்த்தே தீர்மானிக்கப்பட்டது. ஆகவே பிழையோடு தொடர்பில்லாத மாறி என்ற நிபந்தனை முதல் அடியிலேயே உடைகிறது.

எவ்வளவு கெடுகிறது என்பதை எண்ணில் பார்க்கலாம். உண்மையான அடுக்குகள் மூலதனத்துக்கு 0.3, உழைப்புக்கு 0.6 என்று வைப்போம். கூட்டுத்தொகை 0.9, அதாவது குறைந்துசெல் விளைவு. கடைசித் தொழிலாளி ஈட்டித்தருவது அவர் கூலிக்குச் சமமாகும்வரை ஆலை ஆள் எடுக்கிறது. இந்த விதிப்படி உற்பத்தி மதிப்பில் 0.6 பங்கு எப்போதும் கூலிக்குப் போகும். எல்லா ஆலைகளிலும் கூலி ஒன்றே என்றால் `Y`யும் `L`உம் ஒரே விகிதத்தில் நகரும். ரிக்ரெஷனில் உழைப்பின் குணகம் 1, மூலதனத்தின் குணகம் 0! நீங்கள் மதிப்பிட்டது உற்பத்திச் சார்பை அல்ல, ஆள் எடுக்கும் விதியை.

கூலி ஆலைக்கு ஆலை மாறினால் நிலைமை கொஞ்சம் தேவலை. கூலியின் மாறுபாடும் ω-வின் மாறுபாடும் சமமாக இருக்கும்படி வைத்து ஓட்டிப் பாருங்கள். நிரலில் `w` என்பது கூலி, `om` என்பது ω, எல்லாம் மடக்கையில்:

```r
set.seed(7); n <- 5000
k  <- rnorm(n)
w  <- rnorm(n, sd = 0.3)
om <- rnorm(n, sd = 0.3)
l  <- (log(0.6) + om + 0.3*k - w) / 0.4
y  <- 0.3*k + 0.6*l + om + rnorm(n, sd = 0.1)
coef(lm(y ~ k + l))
```

உழைப்புக்கு 0.8ஐ ஒட்டியும் மூலதனத்துக்கு 0.15ஐ ஒட்டியும் வரும். கூட்டினால் 0.95. `n`ஐ ஐம்பதாயிரம் ஆக்கினாலும் இதே எண்கள்தான், திட்டப்பிழை மட்டும் சுருங்கும். தவறான விடையை இன்னும் உறுதியாகச் சொல்வீர்கள், அவ்வளவுதான்.

எரிச்சலூட்டுவது அடுத்த படி. மேலே உள்ள நிரலில் `0.3*k` என்று வரும் இரண்டு இடத்திலும் 0.5 என்று மாற்றுங்கள். உண்மைக் கூட்டுத்தொகை 1.1 ஆகிறது. மதிப்பீட்டில் வருவது 1.05. முன்பு மேலே இழுத்தது, இப்போது கீழே இழுக்கிறது. உண்மை எந்தப் பக்கம் இருந்தாலும், இந்த அமைப்பில் பிறழ்ச்சி கூட்டுத்தொகையை ஒன்றை நோக்கியே தள்ளுகிறது. ‘மாறா விகித அளவு விளைவு என்ற கருதுகோளை நிராகரிக்க இயலவில்லை’ என்று ஆய்வேட்டில் எழுதும்போது, அது தொழிலின் இயல்பா, ரிக்ரெஷனின் கோளாறா என்று நிதானிக்க வேண்டியது அதனால்தான்.

கண்டுபிடிக்க ஒரு நாட்டுவழி உண்டு. கூட்டப்பட்ட மதிப்பில் கூலிச் செலவின் பங்கை ஆலைவாரியாகக் கணக்கிடுங்கள். ஆலைகள் சந்தை விலையை அப்படியே ஏற்பவை, ஆளைத் தடையின்றி கூட்டிக் குறைக்க முடியும் என்றால், அந்தப் பங்கு உழைப்பின் அடுக்குக்கு அருகில் இருக்க வேண்டும். பங்கு 0.6, குணகம் 0.8 என்றால் ஏதோ சரியில்லை. சந்தையில் விலை வைக்கும் பலம் உள்ள ஆலைகளுக்கு இந்த ஒப்பீடு உதவாது.

கூலியையே கருவி மாறியாகப் போட்டுத் தப்பிக்க நினைப்பது

கூலி வேறுபாடு பெரும்பாலும் தொழிலாளியின் தேர்ச்சி வேறுபாடு. அது மறுபடி ω-தான்.

நிலை விளைவு போட்டால் தீர்ந்தது என்று நம்புவது

ஒரே ஆலையைப் பல ஆண்டு பார்த்தால், மாறாத திறன் கழிந்துபோகும் என்பது உண்மை. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு மாறும் பஞ்சின் தரம் கழியாது. இன்னொரு சிக்கல்: ஆலையின் மூலதனம் ஆண்டுக்கு ஆண்டு அதிகம் நகராது. நகர்வதாகத் தரவில் தெரிவதில் ஒரு பகுதி தேய்மானக் கணக்கின் பிழை. அதனால் மூலதனக் குணகம் 0.05, 0.1 என்று சுருண்டுவிடும், கூட்டுத்தொகையும் விழும். அதைப் பார்த்து ‘குறைந்துசெல் விளைவு’ என்று எழுதுவது இரண்டாவது தவறு.

இப்போது வழக்கத்தில் உள்ள வழி, ω-வைக் காட்டிக்கொடுக்கும் ஒன்றைப் பிடிப்பது. ஓலியும் பேக்ஸும் 1996இல் முதலீட்டைப் பிடித்தார்கள். பல ஆலைகளில் பல ஆண்டுகள் முதலீடு பூஜ்யம் என்பதால் லெவின்சோனும் பெட்ரினும் 2003இல் மூலப்பொருள், மின்சாரம் போன்றவற்றுக்கு மாறினார்கள். திறன் கூடினால் மின்சாரச் செலவும் கூடும், ஆகவே மூலதனத்தையும் மின்சாரத்தையும் வைத்து ω-வை ஊகிக்கலாம் என்பது யோசனை. இங்கே ஒரு பொறி. உழைப்பும் அதே ω-வைப் பார்த்து அதே நேரத்தில் தீர்மானிக்கப்பட்டால், மின்சாரமும் மூலதனமும் தெரிந்த பிறகு உழைப்பில் தனியாக எதுவும் மிஞ்சாது. முதல் கட்டத்திலேயே உழைப்புக் குணகத்தை எடுப்பது ஆகாது. அக்கர்பெர்க், கேவ்ஸ், ஃப்ரேசர் 2015இல் செய்த திருத்தம் இதுவே: முதல் கட்டத்தில் அளவைப் பிழையை மட்டும் வடிகட்டுங்கள். இரண்டாம் கட்டத்தில், இந்த ஆண்டு ω-வில் புதிதாக வந்த பகுதிக்கும் போன ஆண்டு உழைப்புக்கும் தொடர்பில்லை, ஏற்கெனவே போட்ட மூலதனத்துக்கும் தொடர்பில்லை என்ற இரண்டு நிபந்தனைகளால் இரண்டு குணகங்களையும் சேர்த்தே எடுங்கள்.

ஒரே ஒரு ஆண்டுத் தரவில் இதைச் செய்ய முயல்வது

முடியாது. போன ஆண்டு வேண்டும்.