மீட்டர் -14 காட்டுகிறது, பேச்சு மட்டும் ஏன் எடுபடவில்லை?

சத்தம் கிழிவது, ஒரு காதில் மட்டும் கேட்பது எல்லாம் கேட்டவுடனே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். புதிதாக எடிட்டிங்குக்கு வருபவர்கள், நாங்கள் ஆரம்பத்தில் விழுந்த குழிகளிலேயே வரிசையாக விழுகிறார்கள். அதில் ஒன்று இன்னும் என் எரிச்சலைக் கிளப்பும். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அதற்கு முன் ஒரு வரி: லஃப்ஸ் என்பது காதுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதைச் சராசரியாகச் சொல்லும் அளவு, யூடியூபுக்கு அதை -14-இல் வைப்பது வழக்கம்.

முழு வீடியோவின் சராசரியை நம்புவது

"அண்ணா, லஃப்ஸ் சரியா -14 வச்சேன். ஆனா போன்ல கேட்டா பேசுறதே கேக்கல" என்று ஒரு தம்பி வந்தான். பத்து நிமிடப் பேட்டி. அதில் 8 நிமிடம் பேச்சு, சுமார் -20 லஃப்ஸ். டைட்டில், இடையிசை, முடிவு எல்லாம் சேர்த்து 2 நிமிட இசை. இசையை வாங்கிய அளவிலேயே போட்டிருந்தான், சுமார் -10.

கணக்கைப் பாருங்கள். 10 டெசிபெல் கூடுதல் என்றால் ஆற்றலில் 10 மடங்கு. ஆக அந்த 2 நிமிட இசை, 20 நிமிடப் பேச்சின் ஆற்றலைக் கொண்டுவருகிறது. உண்மையான 8 நிமிடப் பேச்சையும் சேர்த்தால் 28. அதைப் பத்து நிமிடத்துக்குப் பங்கிட்டால் பேச்சைப்போல 2.8 மடங்கு, அதாவது 4.5 டெசிபெல் அதிகம். மீட்டர் -15.5 காட்டியது. இவன் மொத்தத்தையும் 1.5 டெசிபெல் ஏற்றி -14 ஆக்கினான். பேச்சு -18.5-இல் நின்றுவிட்டது.

யூடியூப் இதில் எந்தக் குறையும் காணாது. வீடியோவின் Stats for nerds-இல் content loudness ஏறக்குறைய 0 என்றுதான் வரும். பார்ப்பவரோ பேச்சுக்காக வால்யூமைக் கூட்டுவார், அடுத்த இடையிசை காதைப் பிளக்கும், வேறு வீடியோவுக்குப் போய்விடுவார்.

கண்டுபிடிக்க ஒரே வழி, பேச்சை மட்டும் தனியாக அளப்பது. இசை இல்லாத ஒரு நிமிடத்தை எடுங்கள், இங்கே 120-ஆவது நொடியிலிருந்து 60 நொடி:

```
ffmpeg -ss 120 -t 60 -i final.mp4 -af ebur128=peak=true -f null -
```

கடைசியில் வரும் Summary-இல் `I:` என்பதுதான் அந்தத் துண்டின் லஃப்ஸ். முழுக் கோப்பையும் அளக்க `-ss 120 -t 60` என்பதை எடுத்துவிடலாம். இரண்டு எண்ணுக்கும் 2-க்கு மேல் இடைவெளி இருந்தால் மிக்ஸில்தான் கோளாறு.

அந்தத் தம்பியின் வீடியோவில் இசையை 10 டெசிபெல் இறக்கினோம். மொத்தமும் -20-க்கு வந்தது. அப்புறம் எல்லாவற்றையும் 6 டெசிபெல் ஏற்றினால் பேச்சே -14-இல் நிற்கும். இந்த ஏற்றத்தில் சில சிரிப்பும் அழுத்திச் சொன்ன சொற்களும் உச்சியைத் தாண்டும் என்பதால், பேச்சின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்க லேசான கம்ப்ரெசர், கடைசியில் உச்சியைத் தாண்டவிடாமல் தடுக்க லிமிட்டர். லிமிட்டர் எப்போதாவது தொட்டுவிட்டுப் போக வேண்டும். பேச்சு முழுக்க 3, 4 டெசிபெல் அமுக்கிக்கொண்டே இருந்தால் நான் -16-இலேயே விட்டுவிடுவேன். யூடியூப் அதைத் தானாக ஏற்றித் தராதுதான். ஆனாலும் மூச்சுச் சத்தமும் அறை இரைச்சலும் மேலே எழும்பி வருவதைவிட அது எவ்வளவோ மேல்.

சோதிக்கும்போது பிளேயரில் Stable volume-ஐ அணைத்துவிடுங்கள். அது ஏற்ற இறக்கத்தைத் தானே சமன் செய்து தவற்றை மூடிவிடும்.

பீக்கை 0-வில் நிறுத்துவது

சாதாரண பீக் மீட்டர் பதிவான சாம்பிள்களை மட்டும் பார்க்கும். இரண்டு சாம்பிள்களுக்கு நடுவே அலை அதைவிட மேலே போகலாம். அதை மதிப்பிடுவதுதான் ட்ரூ பீக். அப்லோட் செய்த பிறகு தளம் ஆடியோவை மறுபடியும் சுருக்கும்போது அலை கொஞ்சம் மாறி உச்சி இன்னும் உயரும். எடிட்டிங் அறையில் சுத்தமாக இருந்த பாட்டு போனில் கரகரப்பது இதனால்தான். லிமிட்டரில் True Peak-ஐ டிக் செய்து -1 வையுங்கள். சங்கிலியில் அதுவே கடைசி. அதற்குப் பின்னால் எதையும் போடக்கூடாது. இசை அடர்த்தியாக இருந்தால் -2 வைப்பேன்.

சத்தமாக இருந்தால் கவனிப்பார்கள் என்று -8 வைப்பது

யூடியூப் 6 டெசிபெல் இறக்கிவிடும்.

எல்லா இடத்துக்கும் ஒரே -14

நெட்ஃபிளிக்ஸுக்குக் கொடுக்கும் படத்துக்கு -27, இரண்டு கூடலாம் குறையலாம், ட்ரூ பீக் -2. அதுவும் முழுச் சராசரி இல்லை, வசனத்தை வைத்து அளப்பது. ஐரோப்பியத் தொலைக்காட்சியின் அளவு -23. யூடியூப் சத்தம் கூடினால் இறக்கிக்கொள்ளும். இந்த இடங்களில் கோப்பே திரும்பி வரும். யூடியூபுக்காக நசுக்கிய கோப்பை 13 டெசிபெல் இறக்கிக் கொடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். போன ஏற்ற இறக்கம் திரும்பி வராது. லிமிட்டருக்கு முந்தைய மிக்ஸிலிருந்து தனியாக எடுங்கள்.

டைம்லைனில் அளந்துவிட்டு அப்லோட் செய்வது

எக்ஸ்போர்ட் ஆன கோப்பை அளக்கவும்.