அட்டையில் உள்ள விருது வட்டமும் பாராட்டு வரியும்: கடையில் நின்றபடியே சரிபார்ப்பது எப்படி?

கையில் ஒரு மொழிபெயர்ப்பு நாவல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முன்னட்டையின் மூலையில் தங்க நிற வட்டம்: "சர்வதேச புக்கர் குறும்பட்டியலில் இடம்பெற்ற எழுத்தாளர்". தலைப்புக்கு மேலே சிவப்புப் பட்டை: "உலகெங்கும் பெஸ்ட்செல்லர்". கீழே ஒரு பாராட்டு வரி: "வியப்பூட்டும்… கைவிட முடியாத நாவல்". புத்தகம் கற்பனைதான். ஆனால் இந்த மூன்று வகை வாசகமும் ஏதாவதொரு அட்டையில் உங்கள் கண்ணில் பட்டிருக்கும்.

இவற்றில் பெரும்பாலும் அப்பட்டமான பொய் இருப்பதில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சொன்ன விஷயம் உண்மையாகவே இருக்கும், ஆனால் அது இந்தப் புத்தகத்தைப் பற்றியதாக இருக்காது. அதனால் ஒவ்வொரு வாசகத்திடமும் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: யார் சொன்னது, எந்தப் புத்தகத்தைப் பற்றி, எப்போது. மூன்றில் நடுக் கேள்விதான் அதிகம் காட்டிக்கொடுக்கும்.

படி 1: முதலில் பதிப்பு விவரப் பக்கம்

அட்டையை அப்புறம் பார்க்கலாம். தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் சின்ன எழுத்தில் இருக்கும் பக்கத்தைத் திறந்து மூன்று விவரங்களை எடுங்கள்: மூல நூலின் தலைப்பு, அது முதலில் வெளியான ஆண்டு, உங்கள் கையில் இருக்கும் பதிப்பின் ஆண்டு. நம் நாவலில் மூலநூல் 1998, தமிழ்ப் பதிப்பு 2023 என்று இருப்பதாகக் கொள்வோம். அட்டையில் எதைப் படித்தாலும் இந்த இரண்டு எண்களோடு ஒப்பிடப் போகிறோம்.

படி 2: விருது வட்டத்தில் வினைச்சொல்லைத் தேடுங்கள்

வட்டத்தில் பெரிதாகத் தெரிவது விருதின் பெயர். படிக்க வேண்டியதோ அதைச் சுற்றி ஓடும் சின்ன எழுத்து. வென்றது, குறும்பட்டியல், நெடும்பட்டியல், பரிந்துரை என்ற நான்கும் நான்கு வேறு விஷயங்கள்.

ஆங்கில நாவல்களுக்கான புக்கர் பரிசில் ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் நடுவர்களிடம் போகின்றன. அதிலிருந்து வழக்கமாக 13 நூல்கள் நெடும்பட்டியலுக்கும், 6 நூல்கள் குறும்பட்டியலுக்கும் வருகின்றன. நடுவர்கள் முழுதாகப் படித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு எடுத்தவை இவை. ஆகவே நெடும்பட்டியல் என்பதும் மதிக்கத்தக்க தகவல்தான். வெல்லவில்லை என்பதற்காக ஒதுக்க வேண்டாம்.

"பரிந்துரைக்கப்பட்டது" என்ற சொல்லில்தான் எச்சரிக்கை வேண்டும். அமெரிக்காவின் புலிட்சர் பரிசுக்குப் பதிப்பாளரோ எழுத்தாளரோ கட்டணம் கட்டி நூலை அனுப்பலாம். அனுப்பியதாலேயே "புலிட்சருக்குப் பரிந்துரைக்கப்பட்டது" என்று போட்டுக்கொள்வோர் உண்டு. பரிசுக்குழு அதை ஏற்பதில்லை. இறுதிச்சுற்றுக்கு வந்தவற்றை மட்டுமே அப்படிச் சொல்லலாம் என்கிறது. நோபலில் இன்னும் தெளிவு. யார் யார் பரிந்துரைக்கப்பட்டார்கள் என்ற விவரம் 50 ஆண்டுகளுக்கு ரகசியமாக வைக்கப்படுகிறது. வாழும் எழுத்தாளரின் அட்டையில் "நோபலுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்" என்று இருந்தால், அதைச் சரிபார்க்க உங்களுக்கு வழியே இல்லை. அந்த வரியைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

நிறத்திலும் தகவல் உண்டு. குழந்தை இலக்கியத்துக்கு 1922 முதல் வழங்கப்படும் நியூபெரி விருதில் தங்க முத்திரை வென்ற நூலுக்கு, வெள்ளி முத்திரை அதே ஆண்டின் சிறப்புத் தேர்வுகளுக்கு. இரண்டும் தூரத்திலிருந்து ஒரே மாதிரி பளபளக்கும்.

அடுத்து, விருது புத்தகத்துக்கா, ஆளுக்கா என்று பாருங்கள். புக்கர் ஒரு குறிப்பிட்ட நாவலுக்கு. நோபல் எழுத்தாளரின் மொத்தப் படைப்புக்கு. நோபல் பெற்றவரின் சுமாரான முதல் நாவலும் மறுபதிப்பில் அதே தங்க வட்டத்தோடு வரும். சர்வதேச புக்கரில் இன்னொரு திருப்பம் இருக்கிறது. 2005 முதல் 2015 வரை அது இரண்டாண்டுக்கு ஒருமுறை, எழுத்தாளரின் மொத்தப் பங்களிப்புக்காக வழங்கப்பட்டது. 2016 முதல் ஆண்டுதோறும் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்ட ஒரே ஒரு நூலுக்கு வழங்கப்படுகிறது. பரிசுத்தொகை ஆசிரியருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதி. அதாவது நடுவர்கள் படித்தது ஆங்கில மொழிபெயர்ப்பை. உங்கள் கையில் இருப்பது தமிழ் மொழிபெயர்ப்பு. கதையமைப்புக்குக் கிடைத்த மதிப்பு தமிழிலும் கூட வரும். நடைக்குக் கிடைத்த மதிப்பு தானாக வராது. தமிழ் வாக்கியங்கள் எப்படி இருக்கின்றன என்பதை நீங்களேதான் படித்துப் பார்க்க வேண்டும்.

இப்போது நம் நாவலுக்கு வருவோம். வட்டத்தில் "இடம்பெற்ற எழுத்தாளர்" என்று இருக்கிறது, "இடம்பெற்ற நாவல்" என்று இல்லை. ஆண்டும் போடவில்லை. விருதுப் பட்டியலில் வந்த நூலுக்கு அதன் ஆண்டைப் போடுவது பதிப்பகத்துக்கே லாபம். போடாமல் விட்டால் சந்தேகப்படலாம். புக்கர் தளத்தில் எழுத்தாளர் பெயரைத் தேடினால் எந்த நூல் பட்டியலில் வந்தது என்று ஒரு நிமிடத்தில் தெரியும். அங்கே வேறு தலைப்பு இருந்தால், வட்டம் சொல்வது இவ்வளவுதான்: இவர் வேறொரு நல்ல நாவல் எழுதியிருக்கிறார். அந்த நாவலும் தமிழில் கிடைக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்பது நல்ல யோசனை.

பெயரே கேள்விப்படாத விருதாக இருந்தால் அதன் தளத்தில் இரண்டு விஷயம் பாருங்கள்: எத்தனை பிரிவுகள், பிரிவுக்கு எத்தனை வெற்றியாளர்கள். பல பத்துப் பிரிவுகள் வைத்து, ஒவ்வொன்றுக்கும் நுழைவுக் கட்டணம் வாங்கி, தங்கம், வெள்ளி, வெண்கலம் எனப் பிரித்துக் கொடுத்து, வட்ட ஸ்டிக்கரையும் காசுக்கு விற்கும் விருதுகள் இருக்கின்றன. கட்டணம் வாங்குவது மட்டுமே குற்றமில்லை. அனுப்பியவர்களில் பெரும்பங்கினருக்கு ஏதோ ஒன்று கிடைக்கிறது என்றால் அங்கே தேர்வு நடக்கவில்லை என்று பொருள்.

படி 3: பெஸ்ட்செல்லர் – எந்தப் பட்டியல், எந்தப் பிரிவு?

பட்டியலின் பெயர் இல்லாத "பெஸ்ட்செல்லர்" வெறும் அலங்காரம். பெயர் இருந்தாலும் அது எதை அளக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். நியூயார்க் டைம்ஸ் பட்டியல் 1931 முதல் வருகிறது. ஒரு வாரத்தில் குறிப்பிட்ட கடைகளில் எது வேகமாக விற்றது என்பதைத்தான் அது காட்டுகிறது. ஆண்டு முழுக்க நிதானமாக விற்கும் நல்ல புத்தகம் அதில் ஒரு வாரம்கூடத் தலைகாட்டாமல் போகலாம். மொத்தமாக வாங்கப்பட்டதாகக் கடைகள் தெரிவித்த நூல்களுக்குப் பக்கத்தில் அந்தப் பட்டியலே ஒரு சிறு கத்திக் குறி († ) போடுகிறது. அந்தக் குறி பட்டியலில் இருக்கும், அட்டைக்கு வராது.

இணையக் கடையில் "முதலிடம்" என்பது இன்னும் மெலிது. அமேசானில் தரவரிசை அடிக்கடி மாறும், உட்பிரிவுகளோ ஏராளம். ஆள் நடமாட்டம் குறைந்த உட்பிரிவில், நண்பர்கள் ஒரே மாலையில் சில டஜன் பிரதிகள் வாங்கினாலே சில மணி நேரம் முதலிடம் கிடைத்துவிடலாம். அந்த நேரத்து ஸ்கிரீன்ஷாட் பிறகு நிரந்தரமாக அட்டையில் ஏறிவிடும்.

"பத்தாம் பதிப்பு" என்பதையும் இதே கண்ணோடு பாருங்கள். ஒரு பதிப்புக்கு எத்தனை பிரதி என்று சொல்லாதவரை பத்து என்ற எண் உதவாது. தேவைக்கேற்ப அச்சிடும் வசதி வந்தபின் நூறு பிரதியும் ஒரு பதிப்பாகக் கணக்கில் வரலாம். ஆனால் பதிப்பு ஆண்டுகள் வரிசையாக, இருபது முப்பது ஆண்டுகளுக்கு நீண்டிருந்தால் அது வலுவான சான்று. விளம்பரம் ஓய்ந்த பிறகும் யாரோ தொடர்ந்து கேட்டு வாங்குகிறார்கள். விவரப் பக்கத்தில் இதைவிட நம்பகமான விற்பனைத் தகவல் கிடைப்பது அரிது.

படி 4: பாராட்டு வரியில் மூன்று புள்ளிகள்

பாராட்டுகளில் இரண்டு இனம் உண்டு. ஒன்று, நூல் வெளியானபின் வந்த மதிப்புரையிலிருந்து எடுத்த வரி. கீழே பத்திரிகையின் பெயர் இருக்கும். இன்னொன்று, வெளியாகும் முன்பே பதிப்பகமோ எழுத்தாளரோ இன்னொரு எழுத்தாளரிடம் கேட்டு வாங்கியது. கீழே ஆளின் பெயர் இருக்கும். கேட்டு வாங்கியதால் பொய் என்று ஆகாது. ஆனால் பிடிக்காதவர்கள் எழுதித் தராமல் ஒதுங்கிவிடுவார்கள், பிடித்தவர்களின் குரல் மட்டும் அட்டைக்கு வரும். நன்றியுரையைத் திறந்து, பாராட்டியவர் பெயர் அங்கே நண்பர், ஆசிரியர், பயிலரங்கத் தோழர் என்று இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். அரை நிமிடம்கூட ஆகாது.

இந்த வழக்கம் பழையது. 1855இல் அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் கவிதை நூலைப் படித்துவிட்டு, புகழ்பெற்ற எழுத்தாளர் எமர்சன் ஒரு தனிக்கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு இரண்டாம் பதிப்பின் முதுகுப் பட்டையில் அந்தக் கடிதத்தின் ஒரு வரி எமர்சன் பெயரோடு பொன்னெழுத்தில் வந்தது; அவரிடம் அனுமதி கேட்கவில்லை. அவர் பாராட்டியது முதல் பதிப்பை. வரி ஏறியது, பல புதிய கவிதைகள் சேர்ந்த இரண்டாம் பதிப்பின் மேல். "எந்தப் புத்தகத்தைப் பற்றி" என்ற கேள்வி அன்றே பொருந்தியிருக்கும்.

நம் நாவலின் வரியை அருகில் பார்ப்போம்: "வியப்பூட்டும்… கைவிட முடியாத நாவல்". மதிப்புரையில் முழு வாக்கியம் இப்படி இருந்திருக்கலாம்: "வியப்பூட்டும் அளவுக்கு நீண்டுவிட்டாலும், கடைசி 50 பக்கங்களில் மட்டும் கைவிட முடியாத நாவல்." புள்ளிகள் விழுங்கியது அந்த நடுப்பகுதியை. ஒற்றைச் சொல் பாராட்டுக்கும் இதே ஆபத்து. பத்திரிகையின் பெயரையும் நூலின் தலைப்பையும் சேர்த்துத் தேடினால் முழு மதிப்புரை பெரும்பாலும் கிடைக்கும்.

நம்பத்தக்க வரி எது? நூலுக்குள் இருப்பதைச் சொல்லும் வரி. "மீனவர் குடும்பத்தின் மூன்று தலைமுறையைப் பெண்களின் குரலில் சொல்கிறது" என்று இருந்தால், பாராட்டே இல்லாவிட்டாலும் உங்களுக்கு அது வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியும். "தவறவிடக்கூடாத நூல்" என்ற வரியை எந்த அட்டைக்கும் மாற்றி ஒட்டலாம். பின்னட்டையில் பாராட்டுகளுக்கு மேல் "ஆசிரியரின் முந்தைய நூலுக்குக் கிடைத்தவை" என்று பொடி எழுத்தில் தலைப்பு இருக்கிறதா என்பதையும் மறக்காமல் பாருங்கள்.

படி 5: இரண்டு பக்கம் படியுங்கள்

முதல் பக்கம் ஒன்று, மூன்றில் ஒரு பங்கு தாண்டி ஒன்று. முதல் பக்கத்தைப் பலமுறை செதுக்கியிருப்பார்கள், அதனால் இரண்டாவதற்கே அதிக மதிப்பு கொடுங்கள். மொழிபெயர்ப்பு என்றால் உரையாடல் வரும் பக்கமாகத் தேர்ந்தெடுங்கள். மொழிபெயர்ப்பு தடுக்கினால் முதலில் பேச்சில்தான் தெரியும்.

வட்டமே இல்லாத புத்தகம்

பக்கத்து அடுக்கில் எந்த முத்திரையும் இல்லாத நாவல் ஒன்று இருக்கும். அது தோற்றுப்போனது என்று எண்ணிவிட வேண்டாம். புக்கருக்கு ஒரு பதிப்பகம் இத்தனை நூல்தான் அனுப்பலாம் என்ற வரம்பு இருக்கிறது. முன்பு நெடும்பட்டியலில் இடம்பிடித்த பதிப்பகத்துக்குக் கூடுதல் இடம் கிடைக்கும். ஆகவே பல நாவல்களை நடுவர்கள் கையில் எடுத்ததே இல்லை. அவற்றுக்கு 1, 4, 5ஆம் படிகள் போதும்.