சுடுமண் நகை: ஈரம் காயுமுன் சுடாதீர்கள்

வார இறுதிச் சந்தையில் புதிதாகக் கடை போடுபவர்கள் சிலர் வெடித்துப்போன பதக்கங்களை என்னிடம் காட்டி, மண் சரியில்லையா என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் மண்ணில் குறையிருப்பதில்லை. தொடக்கத்தில் நான் செய்த தவறையே அவர்களும் செய்திருக்கிறார்கள். கோணலான துளை, கைரேகை பதிந்த தோடு போன்றவை பழகப் பழகச் சரியாகிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

உள்ளே ஈரம் இருக்கும்போதே சுடுவது

அந்த ஆண்டு தீபாவளிச் சந்தைக்கு நான்கு நாள்களே இருந்தன. வெளியே ஐப்பசி மழை. முப்பது நகைகளை இரண்டு நாள் மின்விசிறியின் கீழும் அரைநாள் வெயிலிலும் வைத்தேன். மேற்பரப்பு வெளிறி இறுகிவிட்டதால் காய்ந்துவிட்டது என்று நம்பி, மண்சட்டியில் உமி பரப்பி அடுக்கி, சுற்றிலும் வரட்டி வைத்து மூட்டினேன். கால் மணி நேரத்தில் சட்டிக்குள் பட், பட் என்று சத்தம் கேட்டது. ஆறியபின் திறந்தால், மெல்லிய தோடுகள் முழுதாக இருந்தன. தடித்த பதக்கங்கள் சிதறியிருந்தன. அவற்றின் சில்லு பட்டு நல்ல ஜிமிக்கிகளும் விளிம்பு உடைந்திருந்தன. பத்தொன்பது நகைகள் போயின.

தடித்த துண்டின் நடுவில் தங்கிய நீர் சூட்டில் ஆவியாகிப் பலமடங்கு விரிகிறது. வெளியேற நேரமில்லாதபோது மண்ணையே பிளந்துவிடுகிறது. வேகமான காற்றும் வெயிலும் மேற்பரப்பை மட்டும் முந்திக் காயவைத்து, ஈரத்தை நம் கண்ணுக்கு மறைக்கின்றன. ஆகவே நிழலில், துணி போர்த்தி, அவ்வப்போது திருப்பி வைத்துக் காயவிட வேண்டும்.

காய்ந்ததா என்று அறியச் சமையலறைத் தராசு போதும். ஒரே அளவிலான பத்துப் பதக்கங்களைச் சேர்த்து நாள்தோறும் நிறுத்துப் பாருங்கள். நான் அண்மையில் நிறுத்தபோது முதல் நாள் 240 கிராம் இருந்தது, மூன்றாம் நாள் 205, ஐந்தாம் நாள் 198, ஆறாம் நாள் 196, ஏழாம் நாளும் 196. எடை குறைவது நின்ற பிறகே சுட வேண்டும். மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தைக் கொஞ்சம் மண் பிடித்துக்கொண்டே இருக்கும் என்பதால், அப்போதும் முதல் ஒரு மணி நேரம் சட்டியைத் தணலின் ஓரத்தில் வைத்து மெல்ல சூடேற்றுவது அவசியம். தராசு இல்லையென்றால் நகையைக் கன்னத்தில் வையுங்கள். சில்லென்றிருந்தால் ஈரம் இருக்கிறது.

அரைகுறையாகச் சுட்டதை வண்ணத்தால் மறைப்பது

ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தாண்டினால்தான் மண் மீண்டும் சேறாகாது. ஒவ்வொரு சூளையிலும் வண்ணம் பூசாத ஒரு மணியை இரவு முழுவதும் நீரில் போட்டுவையுங்கள். காலையில் அது நெகிழ்ந்திருந்தாலோ அடியில் வண்டல் படிந்திருந்தாலோ அந்தச் சூளையின் எந்த நகையையும் விற்காதீர்கள்.

கொக்கி

நிக்கல் கலந்த கொக்கி பலருக்குக் காதில் புண் உண்டாக்கும்; வாங்க வேண்டாம்.

பார்சல்

ஜிமிக்கியின் குடைக்குள் பஞ்சை அடைத்து அனுப்புங்கள்.