20 விநாடி பொருள் வீடியோ: ரிட்டர்ன் குறைய ஸ்கிரிப்ட் எழுதுவது எப்படி?

ஸ்கிரிப்ட் எழுத உட்காருவதற்கு முன், உங்கள் பொருளின் ரிட்டர்ன் காரணங்களைத் திறந்து படியுங்கள். நான் விற்பது ஆணி அடிக்காமல் சுவரில் ஒட்டும் குளியலறை அலமாரி. அதற்குத் திரும்பத் திரும்ப வந்த காரணங்கள் மூன்று: "நினைத்ததைவிடச் சின்னது", "கழன்று விழுந்துவிட்டது", "படத்தில் இருந்த பாட்டில்கள் வரவில்லை". முதலாவது அளவுக் குழப்பம், அடுத்தது பயன்படுத்தும் முறை, மூன்றாவது பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது. 20 விநாடியையும் இந்த மூன்றுக்கே கொடுத்துவிடலாம். லோகோ ஓடவிட நேரம் இல்லை.

நான் எடுத்த ஸ்கிரிப்ட் இது:

0–2: சுவரில் அலமாரி. ஒரு கை அதில் பாட்டிலை வைக்கிறது. எழுத்து: "ஆணி இல்லாமல் சுவரில் ஒட்டலாம்".

2–8: முன்விளிம்பில் ஸ்கேல். "நீளம் 30 செ.மீ." அப்புறம் மேலிருந்து உட்புறம். "உள் அகலம் 9 செ.மீ."

8–15: டைலைத் துடைத்துக் காயவைத்தல், அழுத்தி ஒட்டுதல், காலி அலமாரி. "வழவழப்பான டைல், கண்ணாடிக்கு மட்டும்". "24 மணி நேரம் கழித்துப் பொருள் வையுங்கள்".

15–20: பெட்டி திறக்கிறது. "1 அலமாரி, 2 ஒட்டும் பட்டைகள்". "பாட்டில்கள் சேராது".

எழுத்துகள் திரையில் இருந்தே ஆக வேண்டும். பலர் ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள். கீழ் ஓரத்தில் பிளேயர் பட்டன்கள் மறைக்கும், அதனால் எழுத்தை நடுப்பகுதிக்குச் சற்று மேலே வையுங்கள்.

இனி அளவுக் காட்சி. சிக்கலே இங்கேதான். ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துவிட்டால் போதும் என்று தோன்றும். போதாது. என் அலமாரி சுவரிலிருந்து 10 செ.மீ. முன்னால் நீண்டிருக்கும். ஸ்கேலைச் சுவரில் ஒட்டிவிட்டு, 50 செ.மீ. தூரத்தில் போனை வைத்து நேராக எடுத்தால், முன்விளிம்பு கேமராவுக்கு 40 செ.மீ. தூரத்திலும் ஸ்கேல் 50 செ.மீ. தூரத்திலும் இருக்கும். கிட்டே இருப்பது பெரிதாகத் தெரியும் அல்லவா? 30 செ.மீ. நீளமுள்ள விளிம்பு அந்த ஸ்கேலில் 37.5 செ.மீ. போலக் காட்டும். பார்ப்பவர் பெரிய அலமாரி என்று நம்பி வாங்குவார், கையில் வந்ததும் "சின்னது" என்று திருப்பி அனுப்புவார்.

தீர்வு இரண்டு, இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். ஸ்கேலை முன்விளிம்பை ஒட்டியே பிடியுங்கள், இரண்டும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கட்டும். அப்புறம் ஒன்றரை மீட்டர் பின்னால் போய் 2x ஜூமில் எடுங்கள். அந்தத் தூரத்தில் ஸ்கேல் சுவரிலேயே இருந்தாலும் 32 செ.மீ.தான் காட்டும், பிழை அவ்வளவு சுருங்கிவிடும். ஸ்டீல் ஸ்கேல் எனக்குப் பிடிக்காது. வெளிச்சம் பட்டதும் எண்கள் மறைகின்றன. பெரிய கறுப்பு எண்கள் உள்ள மர ஸ்கேல்தான் சரி.

வெளி அகலத்தைச் சொல்லாமல் உள் அகலத்தைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. வாங்குபவருக்குத் தெரிய வேண்டியது தன் பாட்டில் உள்ளே நிற்குமா என்பது. முடிந்தால் 6 செ.மீ. விட்டமுள்ள பாட்டில்கள் நான்கை வரிசையாக நிறுத்திக் காட்டுங்கள்.

பயன்பாட்டுக் காட்சியில் காலி அலமாரிக்கு முழுசாக மூன்று விநாடி கொடுத்திருக்கிறேன். திரையில் ஒன்றும் நடக்காது, வெட்டிவிடத் தோன்றும். வெட்டாதீர்கள். இந்த வகை அக்ரிலிக் ஃபோம் டேப் முழுப் பிடிப்புக்கு வர நேரம் எடுக்கும். ஒட்டிய உடனே ஷாம்பு பாட்டில்களை ஏற்றினால் கழன்றுவிடும். எத்தனை மணி நேரம் என்பதை உங்கள் டேப்பின் உறையில் பார்த்து அதையே எழுதுங்கள். சொரசொரப்பான சுவரிலும் உரியும் பெயிண்டிலும் இது நிற்காது என்பதால்தான் "டைல், கண்ணாடிக்கு மட்டும்" என்ற வரி.

பெட்டிக் காட்சியை மேலிருந்து ஒரே ஷாட்டில், வெட்டில்லாமல் எடுங்கள். ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வையுங்கள், கடைசியில் காலிப் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டுங்கள்.

ஏற்றுவதற்கு முன், பொருளையே பார்க்காத ஒருவரிடம் ஒலியில்லாமல் ஒரே முறை போட்டுக் காட்டுங்கள். நீளம் எவ்வளவு, எப்போது பாட்டில் வைக்கலாம், பெட்டியில் என்ன வரும் என்று கேளுங்கள். எதற்குப் பதில் வரவில்லையோ அந்த எழுத்தை இன்னும் ஒரு விநாடி நிறுத்துங்கள். அந்த விநாடியைத் தொடக்கக் காட்சியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

பின்சேர்க்கை: 30, 40 செ.மீ. என இரண்டு அளவுக்கும் ஒரே வீடியோ போடலாமா என்று கமெண்டில் ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம், 2–8 பகுதியை மட்டுமாவது தனித்தனியாக எடுங்கள். வழியில்லை என்றால் முதல் விநாடியிலிருந்தே "இது 30 செ.மீ. மாடல்" என்று ஒரு மூலையில் எழுதி வையுங்கள். இன்னொருவருக்குத் தயாரிப்பாளர் பட்டைகளின் எண்ணிக்கையை மாற்றிவிட்டாராம். அதனால் கடைசி 5 விநாடியைத் தனிக் கோப்பாக வைத்திருங்கள். பெட்டி மாறினால் அந்தத் துண்டை மட்டும் புதிதாக எடுத்து ஒட்டிவிடலாம்.