மருத்துவ மொழிபெயர்ப்பில் எந்த வேலையை மறுக்க வேண்டும்?

கலைச்சொல் பட்டியல் வைத்துக்கொள்வது, எழுத்துப்பிழை பார்ப்பது எல்லாம் யாருக்கும் தெரிந்ததுதான். புதிதாக வருகிறவர்கள் சறுக்குவது அதற்கு முன்பே, வேலையை ஒப்புக்கொள்ளும்போது.

பரிசோதனை அறிக்கையை ராத்திரியோடு ராத்திரியாக முடித்துத் தருவது

இது இன்றைக்கும் எனக்கு எரிச்சலைக் கிளப்பும். "ஒரே பக்கம்தான், அம்மாவோட ரிப்போர்ட், இப்பவே வேணும்" என்று வாட்ஸ்அப்பில் போட்டோ வரும். டாக்டரைப் பார்க்க இன்னும் நாள் இருக்கிறது, வீட்டில் பதற்றம். இரக்கப்பட்டு ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி இப்படித்தான் ஒரு மேமோகிராம் அறிக்கையை எடுத்தான். அதில் 'பை-ராட்ஸ் 4ஏ' என்று இருந்தது. அவன் 'நான்காம் நிலை' என்று எளிதாக எழுதி அனுப்பிவிட்டான். வீட்டில் அதைப் புற்றுநோயின் கடைசிக் கட்டம் என்று புரிந்துகொண்டு, இனி எதற்கு ஊசி குத்த வேண்டும் என்று பயாப்சிக்கே போகாமல் இருந்தார்கள்.

பை-ராட்ஸ் என்பது படத்தைப் பார்த்து ரேடியாலஜிஸ்ட் போடும் 0 முதல் 6 வரையிலான வகை எண். 4 என்றால் சந்தேகம் இருக்கிறது, திசுவை எடுத்துப் பார்க்க வேண்டும். அதிலும் 4ஏ என்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 முதல் 10 சதவீதம்தான். புற்றுநோயின் கட்டம் நோய் உறுதியான பிறகு முடிவாகிற வேறு கணக்கு.

அவன் சரியாகவே எழுதியிருந்தாலும், "அப்போ எங்க அம்மாவுக்குக் கேன்சரா?" என்ற அடுத்த கேள்வி அவனுக்குத்தான் வந்திருக்கும். அதற்கு அவனால் பதில் சொல்ல முடியாது. அதனால் நான் பார்ப்பது ஒன்றுதான்: நம் பிரதிக்கும் நோயாளிக்கும் நடுவில் ஒரு டாக்டர் இருக்கிறாரா? இல்லையென்றால் மறுத்துவிட்டு, பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்த டாக்டருக்கே போன் செய்யச் சொல்வேன். இன்னொரு மருத்துவமனையில் கருத்துக் கேட்கப் போகும் அறிக்கை என்றால், ரேடியாலஜிஸ்ட் ஒருவர் சரிபார்க்க நேரம் கொடுத்தால் எடுப்பேன்.

மருந்து அளவை யாரிடமும் காட்டாமல் அனுப்புவது

மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட்டை வாரம் ஒரு முறைதான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் வாய்ப்புண்ணும் காய்ச்சலும் வரும், ரத்த அணுக்கள் குறையும், உயிரே போகலாம். எந்தக் கிழமை என்று மூலத்தில் இல்லையா? நாமாக ஒன்றைப் போடாமல் டாக்டரிடம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பிரதியை மருந்தாளுநர் ஒருவர் பார்த்த பிறகே அனுப்புங்கள். அவருக்கான கட்டணத்தை விலைப்பட்டியலில் தனி வரியாகக் காட்டுங்கள். வாடிக்கையாளர் அந்த வரியை வெட்டினால் வேலையை விட்டுவிடலாம்.

கையால் எழுதிய மருந்துச் சீட்டு

வேண்டாம்.